41 செய்திகளுக்கு அடியில்

"மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை" என்று ஓர் அம்மா காலை 6 மணிக்குக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதியதை, நிர்வாகியான நானே 9 மணிக்குத்தான் பார்த்தேன்.

அதற்குக் கீழே ஒரே பெரியவரின் 41 செய்திகள்.

"நேற்று", "இரவு", "நல்ல மழை" என்று வரிக்கு ஒன்றாக.

வாட்ஸ்அப்பில் ஒருவரை மட்டும் நிறுத்திவைக்க வழியில்லை. நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றினால் அந்த அம்மாவின் வாயும் அடைபடும். ஆகவே அந்த அம்மாவின் செய்தியை Pin செய்து, 24 மணி நேரம் குழுவின் உச்சியில் நிற்கும்படி வைத்துவிட்டு, குழுவில் எதுவும் சொல்லாமல் பெரியவரின் வீட்டுக்கே போனேன்.

அவருடைய போனில் Enter is send இயக்கத்தில் இருந்தது. அடுத்த வரிக்குப் போக அவர் விசையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் செய்தி போய்விட்டிருக்கிறது.

அதை அணைத்துக் கொடுத்தேன். மாலையில் ஒன்பது வரிகள், ஒரே செய்தியாக வந்தன.