சிகிச்சைக்குத் திரட்டும் பணம் யார் கணக்கில் விழுகிறது?

உதவி கேட்டு வாட்ஸாப்பில் சுற்றும் போஸ்டரின் அடியில் ஒரு ஜிபே எண் இருக்கும். பெரும்பாலும் அது நோயாளியின் எண்ணாக இருக்காது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடியாடுகிற பெரியப்பா மகனுடையதாகவோ நண்பருடையதாகவோ இருக்கும். ஐசியு வாசலில் ஐந்து நிமிடத்தில் எடுத்த அந்த முடிவு, அடுத்த ஜூலையில் வரிக் கணக்கு போட உட்காரும்போது லட்சக்கணக்கில் வித்தியாசம் காட்டும்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவுதான் இங்கே பேசுகிறது. பதிலுக்கு எதுவும் கொடுக்காமல் ஒருவர் ஒரு நிதியாண்டில் வாங்கிய பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது அவருடைய 'இதர வருமானம்'. தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, முழுத் தொகையும் கணக்கில் வரும். 'ஆளுக்கு 500 தானே கொடுத்தார்கள்' என்பதும் எடுபடாது, எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். (2026 ஏப்ரல் 1 முதல் வரும் பணத்துக்கு 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம் பொருந்தும். பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, அடிப்படை அதேதான்.)

சிகிச்சைக்காக வாங்கிய பணம் என்று தனி விலக்கு கிடையாது. கொரோனா சிகிச்சைக்குக் கிடைத்த உதவிக்கு மட்டும் 2022 நிதிச் சட்டத்தில் ஒரு விலக்கு சேர்த்தார்கள். புற்றுநோய்க்கும் கல்லீரல் மாற்றுக்கும் அப்படி எதுவும் எழுதவில்லை. வந்த பணம் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதே, பில்லைக் கழித்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. இதர வருமானத்தில், அந்த வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவுதான் கழியும். சிகிச்சைச் செலவு அந்த வகையில் சேராது. கேட்கிறவர்கள் கொதித்துப்போவது இந்த இடத்தில்தான், அதில் நியாயமும் இருக்கிறது.

உறவினர் கொடுத்தது எவ்வளவானாலும் வரி இல்லை. ஆனால் சட்டத்தின் உறவு வேறு, நம் வீட்டு உறவு வேறு. கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், கணவன் மனைவியின் உடன்பிறந்தோர், அப்பா அம்மாவின் உடன்பிறந்தோர், நேர்வழியில் மேலும் கீழும் வருபவர்கள், இவர்களுடைய துணைவர்கள் ஆகியோர் பட்டியலில் உண்டு. சித்தி கொடுத்தால் விலக்கு. சித்தி மகன் கொடுத்தால் இல்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. சித்தப்பா அண்ணன் மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை, அண்ணன் மகன் சித்தப்பாவுக்குக் கொடுத்தால் உண்டு. உறவை எப்போதும் வாங்குகிறவர் பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வேறு வருமானம் இல்லாத ஓர் இல்லத்தரசிக்குக் கல்லீரல் மாற்று அறுவை. 2025-26இல் 22 லட்சம் திரண்டது. கொழுந்தனும் சித்தியும் கொடுத்தது 4 லட்சம், அது விலக்கு. மீதி 18 லட்சம் நண்பர்களும் முன்பின் தெரியாதவர்களும் அனுப்பியது. அது நோயாளியின் கணக்கிலேயே வந்திருந்தால், புதிய வரி முறையில் 1,60,000 வரி, 4% செஸ் சேர்த்து 1,66,400.

அதே 18 லட்சம் பெரியப்பா மகனின் கணக்கில் வந்தது என்று வையுங்கள். அவருக்குச் சம்பளம் 12.75 லட்சம். நிலைக்கழிவு 75,000 போக 12 லட்சம் நிற்கும், 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லாமல் செய்யும் 87ஏ தள்ளுபடியால் அதற்கு வரி பூஜ்யம். இந்தப் பணத்தையும் அவர் வருமானமாகச் சேர்த்தால் 30 லட்சம் ஆகிவிடும், தள்ளுபடி போய்விடும், வரி 4,99,200. 'இது என் பணமே இல்லை, அவருக்காக வாங்கிக் கட்டினேன்' என்று அவர் வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு காகிதத்தால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. அவருடைய சம்பளமும் வீட்டு வாடகையும் போய்வரும் கணக்கிலேயே இந்தப் பணமும் கலந்திருந்தால் அது பெரும்பாடு.

இதைத் தவிர்க்க நேரான வழி, வருமான வரித் துறையில் 12ஏபி பதிவுள்ள அறக்கட்டளை. அங்கிருந்து நோயாளி பெறும் தொகைக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மேலே சொன்ன 18 லட்சத்தில் பெரிய தொகை கொடுக்கிறவர்களின் 7 லட்சம் அப்படி ஓர் அறக்கட்டளைக்குப் போய், அது ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருந்தால், நோயாளி கணக்கில் 11 லட்சம்தான் வந்திருக்கும். 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். அறக்கட்டளைக்கு 80ஜி அனுமதி இருந்தால், பழைய வரி முறையில் இருக்கும் நன்கொடையாளருக்கும் கழிவு உண்டு. அறக்கட்டளையை நடத்துபவரோ அவருடைய உறவினரோ நோயாளியாக இருந்தால் மட்டும் இந்த விலக்கு கிடைக்காது. பிரதமர் நிவாரண நிதி, முதல்வர் நிவாரண நிதியிலிருந்து வருவதற்கும் விலக்கு உண்டு.

நன்கொடையாளரே நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு ஆஸ்பத்திரிக் கணக்குக்கு அனுப்புவதும் நல்லதே. நோயாளி 'பெற்ற பணம்' என்று சொல்ல இடம் குறைகிறது. ஆனால் அறக்கட்டளைக்கு இருப்பதுபோல வெளிப்படையான விலக்கு இதற்கு எழுதப்படவில்லை.

நோயாளி 18 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் கணக்கே மாறும். குழந்தை பெயரில் தனிக் கணக்கு திறந்தாலும், வந்த தொகை அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேரும். 80யு பிரிவில் சொல்லும் உடற்குறைபாடு உள்ள குழந்தைக்கு மட்டும் இந்தச் சேர்ப்பு இல்லை, குழந்தையின் பான் எண்ணில் தனியாகக் கணக்கு போடலாம். தசைச் சிதைவு போன்ற நோயில் 40 சதவீத ஊனச் சான்றிதழ் கிடைக்கக்கூடிய நிலை இருந்தால், பணம் திரட்டும்போதே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

காகிதங்கள்: இதற்கென்றே புதிதாகத் திறந்த சேமிப்புக் கணக்கு, ஆஸ்பத்திரி தந்த செலவு மதிப்பீட்டுக் கடிதம், நோயாளி பெயரும் தேதியும் தெரியும் போஸ்டரின் பிரதி, கட்டிய ரசீதுகள், இறுதி பில். யுபிஐ பரிவர்த்தனைப் பட்டியலை மாதாமாதம் இறக்கி வையுங்கள், செயலியில் பழையவற்றைத் தேடுவது சிரமம். உறவினர் தந்த தொகைக்கு ஒரு வரியில் கடிதமும் அவருடைய பான் எண்ணும் போதும். உண்டியல் வைத்துத் திரட்டிய ரொக்கம்தான் அதிகம் மாட்டிவிடுகிறது. சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும், கொடுத்தவர் யாரென்று காட்ட வழியிருக்காது. அன்றன்று எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தாலாவது பேச முடியும். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, வாங்கினால் அந்தத் தொகை முழுவதும் அபராதமாகப் போகும்.

வரி பூஜ்யமானாலும் ரிட்டர்ன் போட வேண்டும், தள்ளுபடி அதில்தான் கிடைக்கும். ITR-2இல் Schedule OS பகுதியில் 56(2)(x) என்ற வரிசையில் தொகையைக் காட்டுங்கள். வரி 10,000க்கு மேல் வரும் என்று தெரிந்தால் மார்ச் 15க்குள் முன்வரியாகக் கட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 1% வட்டி ஏறும். மிச்சப் பணத்தை வைப்புநிதியில் போட்டிருந்தால் அதன் வட்டி தனி வருமானம், துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும்.