அடைக்கு நடுவில் ஓட்டை

மார்ச் 2, ஞாயிறு

காலையில் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை நல்ல பச்சையாக இருந்தது, மதியம் அடை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இட்லி அரிசி ஒரு கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரை கப், உளுந்து ஒரு கைப்பிடி. மூன்று மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், பெருங்காயத்தோடு ரவை பதத்துக்கு அரைத்தேன். மாவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கோளாறு கல்லில்தான். ஊரிலிருந்து தூக்கி வந்த கனமான இரும்புக்கல், அடியில் இன்டக்‌ஷன் அடுப்பு. தோசைக்கு வைக்கிற மாதிரியே 7-ல் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அடிப்பக்கம் கருகிவிட்டது. பிட்டுப் பார்த்தால் நடுவில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது, பச்சைப் பருப்பு வாசனை. கீரை மட்டும் வெந்திருந்தது.

"மேல கரி, உள்ள களி. கல்லு ரொம்ப காஞ்சு போச்சும்மா" என்றார் அத்தை. தஞ்சாவூரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. இதுவரை என் சமையலைப் பற்றி வாயைத் திறக்காதவர்.

மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்து வந்து மிச்ச மாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்ட சூட்டில் இன்று 3-க்கு இறக்கி, இரண்டு பக்கமும் மூடியே வேகவிட்டேன். உள்ளே வெந்தது. ஆனால் அடையா அது? மூடியில் கோத்த நீர் சொட்டுச் சொட்டாக மேலே விழுந்து, வெளுத்துப்போய், கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு மாவு ஃப்ரிட்ஜிலிருந்து நேராகக் கல்லுக்குப் போனது. அந்தக் குளிர்ச்சியில் இருந்த கொஞ்சச் சூடும் இறங்கிவிட்டது. அத்தை வெல்லத்தைத் தொட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிட்டார். பேசியிருந்தாலே தேவலை.

மார்ச் 8, சனி

இன்று கரண்டி அத்தை கையில். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதலில் கல்லை 5-ல் வைத்து ஐந்து நிமிடம் விட்டார். அவசரப்பட்டால் இன்டக்‌ஷனில் சுருளுக்கு மேலே உள்ள வட்டம் மட்டும் கொதிக்கும், ஓரம் சும்மா இருக்கும். பிறகு தண்ணீர் தெளித்துப் பார்த்தார். துளி முத்தாக உருண்டு ஓடினால் அடைக்குச் சூடு அதிகம். சுர்ரென்று பரவி உடனே வற்றினால் சரி.

மாவை நடுவில் விட்டு, கையை நனைத்துக்கொண்டு விரலாலேயே தட்டினார். கல்லின் ஓரம் வரை போகவில்லை, சுருள் வட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். கனம் அரை விரல்கூட இல்லை. நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் சின்னதாக மூன்று.

அப்புறம் நல்லெண்ணெய். நான் வழக்கமாக அடையின் தலைமேல் ஊற்றுவேன், அது மேலேயே நிற்கும். அத்தை ஸ்பூனின் நுனியைக் கல்லில் வைத்து, விளிம்பை ஒட்டிச் சுற்றி விட்டார். எண்ணெய் அடிக்குள் ஓடி, ஓரம் பொரிகிற சத்தம் கேட்டது. ஓட்டைகளில் நான்கைந்து சொட்டு. கனமான மாவில் கடைசியாக வேகும் இடம் நடுப்பகுதிதான். ஓட்டை போட்டால் அதுவும் ஓரமாகிவிடுகிறது, எண்ணெய்க்கும் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. நான் இதுவரை ஓட்டையை அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

அடுப்பை 4-க்கு இறக்கி மூடினார். இரண்டு நிமிடம் கழித்து மூடியைச் சட்டென்று பக்கவாட்டில் சாய்த்து எடுத்தார், நீர் அடைமேல் படவே இல்லை. மேல்மாவின் ஈர மினுமினுப்பு போயிருந்தது, தொட்டால் ஒட்டவில்லை. ஆனாலும் திருப்பவில்லை. மூடியில்லாமல் இன்னொரு நிமிடம் விட்டார். ஓரம் சிவந்து தானாகக் கல்லை விட்டு எழும்பியதும்தான் திருப்பினார். மறுபக்கத்துக்கு மூடியே கிடையாது, அரை ஸ்பூன் எண்ணெய் மட்டும்.

பிட்டபோது முறுக்கு மாதிரி ஒரு சத்தம், உள்ளே பஞ்சு. மூன்றாவது அடைக்குள் கல் ஏகத்துக்கும் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்த பிறகே அடுத்ததை ஊற்றினார்.

மார்ச் 9, ஞாயிறு

அதே தைரியத்தில் இன்று புளித்த தோசை மாவில் வெங்காய ஊத்தப்பம். ஓட்டை போடப் போன கையை அத்தை தடுத்தார். "இதுக்கு எதுக்கு? மாவே ஓட்டை போட்டுக்கும்." ஊற்றிய அரை நிமிடத்தில் மேலெல்லாம் கண் கண்ணாகத் திறந்தது. ஆவி அதன் வழியே போய்விடுவதால் ஒரு நிமிட மூடியே போதுமாக இருந்தது. வெங்காயத்தை மட்டும் மூடுவதற்கு முன், மாவு ஈரமாக இருக்கும்போதே தூவிக் கரண்டியால் அழுத்த வேண்டும். நான் மூடி திறந்த பிறகு தூவினேன். திருப்பியதும் பாதி வெங்காயம் கல்லிலேயே தங்கிவிட்டது. அதைச் சுரண்டித் தின்றவர் என் வீட்டுக்காரர்.