கன்சோல் ஏற்றால் போதாது, கேமும் ஏற்க வேண்டும்: பிளேஸ்டேஷன் 5-இல் ஒரு பழைய வீல்

பிளேஸ்டேஷன் 4 காலத்தில் வாங்கிய லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீலையும் அதன் மூன்று பெடல்களையும் நண்பர் ஒருவர் எனக்குக் கொடுத்தார். அதை என் பிளேஸ்டேஷன் 5-இல் பொருத்திக் கார் பந்தயக் கேமான கிரான் டுரிஸ்மோ 7 ஓட்டுவதுதான் நோக்கம். கேபிளைச் செருகுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டேன். இந்த வீலைக் கன்சோல் ஏற்குமா? வீல் எந்த நிலையில் இருக்க வேண்டும்? நான் ஓட்டப்போகும் கேம் இதற்கு ஆதரவு தருகிறதா? இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தால் மற்றவற்றுக்கும் அதுவே விடை என்று கொள்ள முடியாது.

முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும். கணினியில் வீல் என்பது யூஎஸ்பி சாதனம் மட்டுமே. கன்சோலிலோ, உரிமம் பெற்ற சாதனம்தான் என்று வீல் தன்னை நிரூபித்த பிறகே அது முழுமையாக ஏற்கப்படும். அதனால்தான் உள்ளமைப்பில் ஜி29-க்கு மிக நெருக்கமான ஜி920, கன்சோல்களில் எக்ஸ்பாக்ஸில் மட்டும் இயங்குகிறது. பிளேஸ்டேஷனில் செருகினால் பயன் இல்லை. ஜி923 வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்த ஒரே பெயரில் பிளேஸ்டேஷனுக்கு ஒன்றும் எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு வகைகள் விற்பனைக்கு வந்தன. பெட்டி இல்லாமல் கைமாறி வரும் வீலில் பட்டன்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி இருந்தால் பிளேஸ்டேஷன் வகை, அவற்றின் இடத்தில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் எக்ஸ்பாக்ஸ் வகை. பிளேஸ்டேஷன் 4-க்காக உரிமம் பெற்ற வீல்களும் ஆர்கேட் ஸ்டிக்குகளும் பிளேஸ்டேஷன் 5 கேம்களிலும் இயங்கும் என்று சோனி அறிவித்திருக்கிறது. பழைய டூயல்ஷாக் 4 கன்ட்ரோலருக்கு இந்தச் சலுகை இல்லை. அது பிளேஸ்டேஷன் 4 கேம்களோடு நின்றுவிடுகிறது. பழைய கன்ட்ரோலர் ஓடவில்லையே, பழைய வீல் எப்படி ஓடும் என்று தயங்குபவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு விடை வீலின் உடலிலேயே உள்ள ஒரு சிறு சுவிட்ச். அதில் "PS3", "PS4" என இரண்டு நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். பிளேஸ்டேஷன் 5-க்கு என்று தனி நிலை கிடையாது. "PS4" பக்கம்தான் வைக்க வேண்டும். எனக்கு வந்த வீலில் அது "PS3" பக்கம் இருந்தது. அந்த நிலையிலும் மின்சாரம் வரும், வீல் தானாகச் சுழன்று நிற்கும், ஆனால் கன்சோலில் வீலை வைத்து எதையும் செய்ய முடியாது. வீல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டத் தூண்டும் இடம் இதுதான். சுவிட்சை மாற்றும்போது யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு மாற்றுவதே முறையானது.

பொருத்தும் வரிசையிலும் சிறிது கவனம் தேவை. வீலை மேசை விளிம்பில் வைத்து இரு கிளாம்ப்புகளையும் இறுக்கிய பிறகு, வீலின் அடிப்பகுதியில் உள்ள ஒன்பது பின் கொண்ட சாக்கெட்டில் பெடல் கேபிளைச் செருகினேன். அந்தப் பின்கள் மெல்லியவை. கோணம் தவறி அழுத்தினால் வளைந்துவிடும். டார்ச் வெளிச்சத்தில் வடிவத்தைப் பார்த்து நேராகச் செருகுவதே பாதுகாப்பு. அடுத்து மின் அடாப்டர், கடைசியாக யூஎஸ்பி. ஜி29-இன் யூஎஸ்பி முனை அகலமான பழைய வகை. பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த மாடலில் முன்புறத் துளைகள் இரண்டும் சிறிய டைப்-சி ஆதலால் பின்புறத் துளைகளையே பயன்படுத்த வேண்டும். இடையில் ஹப் எதுவும் வைக்காமல் நேரடியாகச் செருகினேன்.

யூஎஸ்பி செருகியவுடன் வீல் ஒரு பக்கம் கடைசிவரை சுழன்று, மறுபக்கம் கடைசிவரை சென்று, நடுவில் வந்து நிற்கும். இதுவே அதன் அளவுத்திருத்தம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மொத்தம் 900 டிகிரி. இந்த நேரத்தில் வீலைக் கையால் பிடித்தால் நடுப்புள்ளி தவறிவிடும். நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அப்படி இழுத்தால் கேபிளைக் கழற்றிக் கை வைக்காமல் மீண்டும் செருகினால் போதும். வீல் சுழலவே இல்லை என்றால் முதலில் அடாப்டர் முனையைத்தான் பார்க்க வேண்டும். வீல் நின்றதும் மூன்று பெடல்களையும் ஒருமுறை தரைவரை மிதித்து விட வேண்டும். பெடலின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் அப்போதுதான் சரியாகப் பதிவாகும். பின்னர் வீலின் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனை அழுத்தினால், யார் பயன்படுத்துகிறார்கள் என்று கன்சோல் கேட்கும். அந்தக் கேள்வி திரையில் வந்துவிட்டால் முதல் இரண்டு கேள்விகளும் தீர்ந்தன என்று பொருள்.

மூன்றாவது கேள்வி கேமில்தான் தீரும். முகப்புத் திரையில் வீலின் பட்டன்களால் நகர முடிகிறது என்பதை வைத்து எந்தக் கேமையும் நம்ப முடியாது. எந்தெந்த வீல்களுக்கு ஆதரவு என்பதை ஒவ்வொரு கேமும் தனித்தனியாக முடிவுசெய்கிறது. ஒரே கேமின் பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கும் பிளேஸ்டேஷன் 5 பதிப்புக்கும் இடையில்கூட பட்டியல் மாறலாம். கிரான் டுரிஸ்மோ 7-இல் ஜி29-க்கு ஆதரவு உண்டு. பந்தயத்தைத் தொடங்காமல் பயிற்சி ஓட்டத்தில் வண்டியை நிறுத்திவைத்துச் சோதித்தேன். திரையின் கீழே, வேகம் காட்டும் இடத்தின் இரு பக்கமும், பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் ஒவ்வொரு பட்டை இருக்கிறது. மிதிக்கும் அளவுக்கு அது நிரம்ப வேண்டும், விட்டதும் முழுவதும் இறங்க வேண்டும்.

ஆக்ஸிலரேட்டர் பட்டை சீராக நிரம்பியது. பிரேக் பட்டையோ முக்கால் பங்குக்கு மேல் ஏற மறுத்தது. பழுது என்று தோன்றினாலும் காரணம் வேறு: ஜி29-இன் பிரேக் பெடலுக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. உண்மையான பிரேக்கைப் போல் கடைசி இழுப்பில் எதிர்ப்புத் தருவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். சுழல் நாற்காலியில் அமர்ந்து மிதித்தால் பெடல் அசைவதற்குப் பதிலாக நாற்காலி பின்னால் உருளும். பெடல் பலகையைச் சுவரோடு ஒட்டிவைத்து, சக்கரமில்லாத நாற்காலிக்கு மாறியதும் பட்டை முழுவதும் நிரம்பியது. காலை எடுத்த பிறகும் பட்டை துடித்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை. பழைய பெடல்களின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்திருப்பதன் அறிகுறி அது. கைமாறிய வீல் வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் இந்த ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும்.

எஞ்சியது, சாலையின் உணர்வைக் கைக்குத் தருவதற்காக வீலின் மோட்டார் எதிர்த்துத் தள்ளும் விசை. கன்ட்ரோலர் அமைப்புகளில் "Force Feedback Max. Torque", "Force Feedback Sensitivity" என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன. முதல் அளவை மேலேற்றினால் வீல் கனமாகிறது. கூடவே ஒரு நட்டமும் வருகிறது. மோட்டாரால் தர முடிந்த உச்சத்தை வளைவின் தொடக்கத்திலேயே விசை தொட்டுவிட்டால், அதற்கு மேல் டயர் வழுக்குவதையும் ஓரக்கட்டின் மேல் ஏறுவதையும் வீலால் வேறுபடுத்திச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கனமாக இருக்கும். ஜி29 பற்சக்கரங்களால் இயங்குவதால், விசையைக் கூட்டினால் ஓரக்கட்டுகளில் கடகடவென்று சத்தமும் கூடும். ஒரே வளைவை வெவ்வேறு அளவுகளில் சுற்றிப் பார்த்து, முன்டயர் பிடி இழக்கும்போது வீல் சற்று இலகுவாவது கையில் தெரியும்வரை முதல் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அது தெளிவாகத் தெரிந்த அளவிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டாவது அளவைத் தொடவில்லை.