எத்தனை மணிக்கு எழுந்தாய்?

சிங்கப்பூரில் அமெரிக்கச் சந்தையை வர்த்தகம் செய்பவனுக்கு வேலை இரவில்தான். கோடையில் நியூயார்க் திறக்கும்போது இங்கே இரவு 9.30, மூடும்போது விடிகாலை 4. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் இரண்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இங்கே கடிகாரம் மாறுவதில்லை. என் மகளின் பள்ளிக்கூடமும் மாறுவதில்லை. காலை 6.40க்கு எழுந்து அவளைக் கிளப்பிவிட வேண்டும்.

நான் சிறிய நிறுவனம் ஒன்றில் இ-மினி எஸ்&பி 500 ஃபியூச்சர்ஸ், அதாவது அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டின் மேல் போடும் முன்பேர ஒப்பந்தங்கள், வர்த்தகம் செய்கிறேன். ஒரு புள்ளி நகர்ந்தால் ஒரு காண்டிராக்டுக்கு 50 அமெரிக்க வெள்ளி. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டி முடிவை அறிவித்த ஒரு கோடைகாலத்து இரவில் நடந்ததைச் சொல்கிறேன். வட்டி விகித அறிக்கை நமக்கு அதிகாலை 2 மணிக்கு வரும், தலைவரின் செய்தியாளர் சந்திப்பு 2.30க்கு.

அறிக்கை வந்ததும் சந்தை ஏறியது. 2.05க்கு 4 காண்டிராக்ட் வாங்கினேன். ஸ்டாப் லாஸ், அதாவது விலை அதைத் தொட்டால் தானாகவே விற்று நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டர், 8 புள்ளி கீழே. அடிபட்டால் 1,600 வெள்ளி போகும். அது எனக்குப் பழகிய தொகைதான். செய்தியாளர் சந்திப்பு தொடங்கியதும் விலை சரிந்தது. 7 புள்ளி இறங்கியபோது ஸ்டாப்பை 14க்குத் தள்ளினேன். 'சும்மா ஆட்டம் காட்டுகிறது, திரும்பிவிடும்' என்று தோன்றியது. 10 புள்ளி இறங்கியபோது இன்னும் 2 காண்டிராக்ட் வாங்கினேன். அப்புறம் ஸ்டாப்பை 22க்குத் தள்ளினேன். அங்கேதான் அடிபட்டது. முதல் நான்கில் 88 புள்ளி, பின்னால் வாங்கிய இரண்டில் 24 புள்ளி, மொத்தம் 112. அதாவது 5,600 வெள்ளி. திட்டமிட்டதைப் போல மூன்றரை மடங்கு. அன்றாட நஷ்ட வரம்பு 6,000 என்பதால் மென்பொருளும் என்னைத் தடுக்கவில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், எனக்குத் தூக்கமே வரவில்லை. பாலில்லாத கோப்பி ஓ இரண்டு உள்ளே போயிருந்தது, கண் பளிச்சென்று இருந்தது. பதற்றமும் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தேன்.

மறுநாள் எங்கள் நிறுவனத்தில் ரிஸ்க் பார்க்கும் அக்கா கூப்பிட்டார். சந்தையைப் பற்றிக் கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "நேத்து எத்தனை மணிக்கு எழுந்தே தம்பி?"

"ஆறே முக்கால் இருக்கும்க்கா."

"அப்போ அந்த ஸ்டாப்பை நகர்த்துறப்ப கிட்டத்தட்ட இருபது மணி நேரம் ஆயிருக்கு. உன் ஆர்டர் பதிவை எடுத்துப் பாரு. லாப நஷ்டத்தைப் பார்க்காதே, ஸ்டாப்பை எப்போ, எந்தப் பக்கம் நகர்த்தினேன்னு மட்டும் பாரு."

மூன்று மாதப் பதிவை எக்செல்லில் இறக்கிப் பார்த்தேன். நள்ளிரவுக்கு முன் நான் ஸ்டாப்பை நகர்த்திய இடங்களில் பெரும்பாலும் அது விலையை நெருங்கி வந்திருந்தது, அதாவது லாபத்தைக் காப்பாற்ற. ஒன்றரை மணிக்குப் பிறகு நகர்த்தியவை ஏறக்குறைய எல்லாமே விலையை விட்டு விலகிப்போயிருந்தன. ஒரே கை, ஒரே மவுஸ், திசை மட்டும் வேறு. லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. விலக்கிய ஸ்டாப் பல நாள் தப்பித்து லாபத்தில்கூட முடிந்திருந்தது. அதுதான் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டிருக்கிறது.

உடனே ஒரு சந்தேகம். தப்பு என்னுடையதா, அந்த நேரத்துச் சந்தையுடையதா? நியூயார்க்கின் மதிய உணவு நேரம் நமக்கு நள்ளிரவைத் தாண்டி வருகிறது, அப்போது சந்தை மெலிந்திருக்கும். அதனால் மாலையில் தூங்கிவிட்டு வந்த நாட்களைத் தனியாகப் பிரித்தேன். அதே சந்தை நேரம்தான், ஆனால் அந்த நாட்களில் விலக்கிய ஸ்டாப்புகள் மிகக் குறைவு. என் பதிவு சின்னது, இதை வைத்து யாருக்கும் ஒன்றையும் நிரூபிக்க முடியாது. எனக்குப் போதுமானதாக இருந்தது.

தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருந்தால் மன உறுதி தீர்ந்துபோகும் என்று ஒரு பேச்சு உண்டு. 2016இல் இருபதுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தூக்கக் கணக்கு வேறு. 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியதை 1997இல் ஆஸ்திரேலியாவில் அளந்தார்கள். எனக்கு இன்னும் உறைத்தது நம் ஊரிலேயே, தூக்க ஆய்வாளர் மைக்கேல் சீயின் ஆய்வுக்குழு செய்த வேலை. ஓர் இரவு தூங்காதவர்களைச் சூதாட்டம் போன்ற தேர்வுகளைச் செய்யவைத்தார்கள். நஷ்டத்தைக் குறைக்கும் பக்கமிருந்து லாபத்தைத் துரத்தும் பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள். 2011இல் வந்த அந்த ஆய்வின்படி, கவனம் எவ்வளவு குறைந்தது என்பதற்கும் இந்தச் சாய்வுக்கும் தொடர்பில்லை. அதைப் படித்ததும் என் இரண்டு கோப்பி ஓவும் ஞாபகம் வந்தது. கோப்பி என்னை விழிக்கவைத்தது, சாய்வை நிமிர்த்தவில்லை போலிருக்கிறது.

அதன்பிறகு நான் மாற்றியது கொஞ்சம்தான். இரவு 8 மணிக்கு ஒரு தாளில் முதல் வரியாக எழுந்த நேரத்தை எழுதுவேன். அடியில் அன்று வாங்க, விற்க நினைக்கும் விலைகள், எத்தனை காண்டிராக்ட், ஸ்டாப் எங்கே என்பவை. எழுந்ததிலிருந்து 17 மணி நேரம் ஆனதும் புது பொசிஷன் எடுப்பது, அதாவது புதிதாகச் சந்தையில் இறங்குவது, கிடையாது. 6.40க்கு எழுந்தால் அது 11.40. மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கியிருந்தால் 1.30 வரை. இது நானே போட்ட கணக்கு, எந்த ஆய்விலும் இல்லை. தூங்கி எழுந்த முதல் அரை மணி நேரம் திரையைத் தொடுவதில்லை, அந்த மந்தத்தில் பண்ணிய அபத்தங்கள் தனிக்கதை.

ஸ்டாப்புக்கு ஒரே விதி: அது விலையை நெருங்கலாம், விலகக் கூடாது. விலக்க வேண்டும் என்று கை துடித்தால் பொசிஷனையே மூடிவிட வேண்டும். நானே எனக்குப் போட்ட விதியை அந்த நேரத்தில் நானே மதிக்க மாட்டேன் என்பதால், நள்ளிரவுக்குப் பிறகு என் நஷ்ட வரம்பை 2,000ஆகக் குறைத்து வைக்கும்படி அக்காவிடம் கேட்டேன். அந்தப் பூட்டு அவரிடம் இருக்கிறது. இரண்டு தடவை திறக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். இரண்டு தடவையும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நல்லவேளை.

மூச்சுப் பயிற்சி, மேசையில் ஒட்டிவைத்த வாசகங்கள் எல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. கடைசி கோப்பியை இரவு 8 மணிக்கு முன்பே முடித்துக்கொள்வது உதவியது. குடித்த கஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பத்து மணிக்குக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் முழித்துக்கொண்டு கிடந்தால் மறுநாள் தாளின் முதல் வரியிலேயே கடன். தீராதது வாரக் கடைசிதான். சனிக்கிழமை காலை குடும்பத்தோடு தேக்காவுக்குத் தோசை சாப்பிடப் போனால் திங்கள் இரவு கலைந்துவிடுகிறது. போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

குளிர்காலத்தில் சந்தை 10.30க்குத் திறக்கிறது, என் 11.40 அங்கேயே நிற்கிறது. மாலைத் தூக்கம் வாய்க்காத நாளில் மிஞ்சுவது ஒரு மணி பத்து நிமிடம். போன குளிர்காலத்தில் வருமானம் குறைந்தது உண்மை. ஒரு ஃபெட் இரவில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தாளில் எழுதியிருந்த திசையிலேயே சந்தை 40 புள்ளி போயிருந்தது. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.