கொல்லிமலையில் வயிறு தள்ளிய சுவரும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் அறையும்

ஒரு ராத்திரிக்கு ரூ.1,800 வாங்கிக்கொண்டு, ஜன்னலைத் திறந்தால் இரண்டடி தூரத்தில் கருங்கல் சுவர் மட்டும் தெரிகிற அறையைக் கொடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதுவும் பின்னாலிருக்கிற சரிவின் மண்ணைத் தாங்கக் கட்டிய அந்தச் சுவர் நேராகக்கூட நிற்கவில்லை, வயிறு தள்ளிக்கொண்டு அறையைப் பார்த்து நிற்கிறது. கொல்லிமலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க இந்தச் சுவர்தான் இருக்கிறது.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் பஸ் ஏறினால் காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு. கடைசி சீட்டில் உட்காராதீர்கள், அவ்வளவுதான். செம்மேட்டில் இறங்கியதும் ஒரு ஜீப்காரர் "எல்லா இடமும் சுத்திக் காட்டறேனுங்க, ரெண்டாயிரத்து ஐநூறு குடுங்க" என்றார். பேசிப் பேசி ரூ.1,600க்கு வந்தது, அதுவுமே அதிகம்தான். ஆனால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ஒன்று குடித்தோம் பாருங்கள், மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, மலையின் சில்லென்ற காற்றில் தொண்டை எரிய எரிய. அதற்காக இன்னொரு தடவை போகலாம். கூட வந்த நண்பர் மூன்று டம்ளர் குடித்தார்.

சரி, சுவருக்கு வருகிறேன். நான் நிலவியல் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவன். நண்பர் ஈரோட்டுப் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். இரண்டு பேரும் சும்மா இருப்போமா? வீட்டுக்காரரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க தம்பி, எங்கப்பா கட்டுனது, இருவது வருசமா அப்படியேதான் நிக்குது" என்றார். நண்பர் ஒரு நூலில் கல்லைக் கட்டி, சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். ஆறடி உயரச் சுவர், உச்சி நாலு அங்குலம் முன்னால் வந்திருந்தது. கட்டும்போது நேராக இருந்தது என்று வைத்துக்கொண்டால், 20 வருஷத்துக்கு 10 செ.மீ., அதாவது வருஷத்துக்குச் சராசரி 5 மி.மீ. சரிவில் மண் மெதுவாக ஊர்கிற வேகம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும், வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர், சில இடங்களில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்.

மண் ஏன் ஊர்கிறது? மழையில் நனைந்த மண் உப்பும்போது சரிவுக்குச் செங்குத்தாக வெளியே தள்ளும், காய்ந்து இறங்கும்போது புவியீர்ப்பினால் நேர் கீழாக இறங்கும். அதனால் பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஒவ்வொரு நனைதல் காய்தலிலும் கொஞ்சூண்டு கீழே வந்துவிடும். புழு, எறும்பு தோண்டுவதும், மாடு மிதிப்பதும், வேர் அழுகி விட்டுப்போகிற பொந்துகளும் இதற்குத் துணை. மேல்மண் வேகமாகவும் அடிமண் மெதுவாகவும் நகர்வதால்தான் நட்டு வைத்த வேலிக்கால் கீழ்ப்பக்கம் சாய்கிறது.

சுவருக்கு மேலே ஏறிப் பார்த்தோம். அங்கே மிளகுக் கொடி படர விட்ட சில்வர் ஓக் மரங்கள். நேராக வளர்வதுதான் அந்த மரத்தின் இயல்பு, ஆகவே வளைவு சுலபமாகத் தெரிந்துவிடும். பெரிய மரங்களெல்லாம் அடியில் மட்டும் சரிவின் கீழ்ப்பக்கம் வளைந்து, அப்புறம் நேராக மேலே போயிருந்தன. கன்றாக இருந்தபோதே மண் அதைச் சாய்த்திருக்கிறது, நுனி மட்டும் விடாமல் வானத்தை நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. இது பழைய கதை, நிதானமாக நடப்பது. மரம் அடியிலிருந்து நுனி வரை கோடு போட்டமாதிரி நேராக இருந்து, மொத்தமாகச் சாய்ந்திருந்தால்தான் சமீபத்தில் நகர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு மரத்தை வைத்து முடிவு கட்டவும் கூடாது. தோட்டத்து ஓரத்து மரம் வெளிச்சத்துக்காக வளையும், அந்த வெளிச்சம் பெரும்பாலும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ரோடு வெட்டிய விளிம்பில் கம்பம் சாய்ந்திருந்தால், கொட்டிய மண் இறங்கியதுகூடக் காரணமாக இருக்கலாம். மரம், வேலி, சுவர் எல்லாம் ஒரே பக்கம் சொன்னால்தான் நம்பலாம். இங்கே அப்படித்தான் சொன்னது.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. மண் ஊர்வது மட்டும் காரணமென்றால் பொதுவாகச் சுவரின் மேல்பகுதிதான் அதிகமாக முன்னால் சாய வேண்டும். இந்தச் சுவருக்கு நடுவிலும் கீழேயும்தான் வயிறு பெரிசு. அது பின்னாலிருந்து தண்ணீர் தள்ளுவதின் அடையாளம். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை ஒன்றுகூட இல்லை. மேலே ஏறிப் பார்த்தால் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, மோட்டாரை அணைக்க மறந்தால் வழிகிற தண்ணீரெல்லாம் நேராகச் சுவருக்குப் பின்னால்தான் இறங்குகிறது!

இன்னொன்றும் பார்த்தோம். சுவரில் ஒரு விரிசலை வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்பு சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார். பூச்சு திரும்பவும் பிளந்து, பென்சில் நுழைகிற அளவுக்கு இருந்தது. 20 வருஷச் சராசரியில் 5 மி.மீ. என்று கணக்குப் போட்டால் பயமில்லை, ஆனால் சராசரியை வைத்து இப்போதைய வேகத்தைச் சொல்லிவிட முடியாது, சுவர் இன்னும் நகர்கிறது என்பதை மட்டும் பூச்சு காட்டிக் கொடுத்துவிட்டது. மெதுவாக ஊர்வது வேகம் பிடிப்பதுதான் ஆபத்து. இத்தாலியில் வயோன்ட் அணைக்கு மேலே மலைச்சரிவு மூன்று வருஷம் போல மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்து, கடைசி நாட்களில் வேகம் பிடித்து 1963 அக்டோபரில் மொத்தமாக இறங்கியது. சுமார் 2,000 பேர் செத்துப்போனார்கள். அங்கே பாறை, ஆழம், அணைத் தண்ணீர் என எல்லாமே வேறு, ஒரு விடுதிச் சுவரோடு ஒப்பிடக் கூடாதுதான். வேகம் மாறுவதை அளந்து பார்க்க வேண்டும் என்ற பாடம் மட்டும் இங்கேயும் செல்லும்.

விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் குறி போட்டு, தூரத்தையும் தேதியையும் சுவரிலேயே எழுதி வைத்தோம். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் போதும் என்று சொன்னேன். தொட்டியை நகர்த்தச் சொன்னேன், அடிவரிசையில் நாலைந்து ஓட்டை போட்டு பின்னால் ஜல்லி நிரப்பச் சொன்னேன். நண்பரோ "நீங்க ஓட்டை போட ஆளக் கூட்டிட்டு வந்து, அவன் சுவரையே சாச்சிடப் போறானுங்க, மேல மண்ணக் கொஞ்சம் எடுத்துட்டுச் செய்யுங்க" என்றார், அது சரியான பேச்சு. மேலே நிலத்தில் பிறை மாதிரி புது விரிசல் வந்து, அதன் கீழ்ப்பக்கம் ஒரு படி இறங்கியிருந்தால் அளந்துகொண்டு நிற்காமல் ஆட்களைக் காலி பண்ணி விட வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னோம். அப்படி எதுவும் அங்கே இல்லை.

எனக்கு அதைவிட உறுத்தியது பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற காட்டேஜ்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தின் அடியில், "காத்து நல்லா வருமுங்க" என்று கட்டுகிறார்கள். இரண்டு பக்கத்துச் சரிவிலிருந்தும் ஊர்ந்து வரும் மண் நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பள்ளத்தில்தான் சேர்கிறது, மழைத் தண்ணீரும் அங்கேதான் கூடுகிறது. மண் தடித்துப்போன பிறகு ஒரு பேய்மழையில் ஊறினால், சேர்ந்த மண்ணெல்லாம் குழம்பாகக் கீழே ஓடிவிடும். அதுவரை எதுவுமே நடக்காததால் பாதுகாப்பான இடம் மாதிரித்தான் தெரியும்.

முன்பக்க அறைக்கு மாற்றித் தரச் சொன்னேன், ரூ.300 கூடக் கேட்டார். சுவர் அளந்த கூலியாகக் கழித்துக்கொள்ளுங்கள் என்றதற்குச் சிரித்துவிட்டு ரூ.200 வாங்கிக்கொண்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைக்குப் போகிறவர்கள் அறை எடுக்கும் முன் ஜன்னலுக்கு வெளியே மட்டுமல்ல, பின்சுவரின் அடியையும், அதற்கு மேலே தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஜீப்காரரிடம் ரூ.1,200க்கு மேல் பேசாதீர்கள்.