துபாய் வேலை: ஆஃபர் கடிதத்திலிருந்து முதல் சம்பளம் வரை

2023 பிப்ரவரியில் திருச்சியில் நடந்த நேர்காணலில், துபாயில் ஏ.சி. பராமரிப்பு வேலைக்குத் தேர்வானேன். முதல் சம்பளம் கைக்கு வந்தது ஆகஸ்ட் 3ஆம் தேதி. வேலை எனக்குத் தெரிந்த வேலைதான். அதற்கு முன்னால் இருந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்து கிளம்பப் போகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் என் பெயரிலேயே வந்தது. நம் ஊரில் பலருக்கும் இருப்பதுபோல என் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் ஒரே வார்த்தையாக இருந்தது, சர்நேம் இடம் காலி. 2022 நவம்பரிலிருந்து இப்படி ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்தில் கெடுபிடி. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் கம்பெனியில் விசா வேலை பார்க்கிறவர், "மாற்றிவிட்டு அனுப்புங்கள், பிறகு எனக்கும் உங்களுக்கும் தலைவலி வேண்டாம்" என்றார். பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்தேன். சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய்.

அங்கேயும் ஒரு தடங்கல். அப்பா பெயர் சண்முகம். ஆதாரில் ஆங்கிலத்தில் எஸ்-க்கு அப்புறம் எச் இருந்தது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எச் இல்லை. ஆதாரைத் திருத்திவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு வாரம் போனது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டிப்ளமோ, ஆதார் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை தேட ஆரம்பிக்கும்போதே இதைச் செய்துவிட்டால் நல்லது. ஆஃபர் வந்த பிறகு ஒவ்வொரு நாளும் கணக்கு.

அடுத்தது அட்டெஸ்டேஷன். டிப்ளமோ சான்றிதழின் அசல் முதலில் மாநில அரசிடம், பிறகு வெளியுறவு அமைச்சகத்திடம், பிறகு அமீரகத் தூதரகத்திடம் என்று வரிசையாகப் போய் முத்திரை வாங்க வேண்டும். கடைசியாக அங்கே அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் ஒன்று போடும். ஒரு ஏஜென்சிக்காரர், "அப்போஸ்டில் போட்டுத் தர்றேன் தம்பி, ஒரே ஸ்டிக்கர்ல முடிஞ்சுடும்" என்றார். அப்போஸ்டில் என்பது ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் ஒற்றை முத்திரை. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை, அப்போஸ்டில் மட்டும் அங்கே செல்லாது. நல்லவேளையாக ஏற்கெனவே போய் வந்த நண்பன் ஒருவன் தடுத்தான். வேறு ஆள் மூலம் முறையாகச் செய்ததில் ஐந்து வாரமும் 12,000 ரூபாயும் ஆனது.

ஆஃபர் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு மொத்தம் 2,800 திர்ஹாம். நேர்காணலில் அடிப்படைச் சம்பளம் 1,700 என்றார்கள். கடிதத்தில் 1,400 என்று இருந்தது, மீதி வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி என்று பிரிந்திருந்தது. மாதம் கையில் வருவது ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு. முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,400 என்றால் வருடத்துக்கு 980 திர்ஹாம், 1,700 என்றால் 1,190. ஓவர்டைமும் அதே அடிப்படையில்தான். மெயில் போட்டுக் கேட்டேன், நான்கு நாளில் 1,700 என்று திருத்தி அனுப்பினார்கள். இந்தக் கடிதம் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவமாக வரும், தமிழிலும் உண்டு. தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். விசிட் விசாவில் வா, வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். அந்த விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம்.

ஜூன் 12 அன்று திருச்சியிலிருந்து கிளம்பினேன். முந்தின இரவு அம்மா பெட்டியில் குருமாப் பொடி டப்பாவை வைத்தார். அதில் கசகசா அரைத்துச் சேர்த்திருந்தது. அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். வெளியே எடுத்து வைத்தபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாத்திரை எல்லாம்கூட அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

பணக் கணக்கில்தான் நான் தவறு செய்தேன். மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும் என்று நினைத்து 1,500 திர்ஹாம் மட்டும் எடுத்துப் போனேன். போய் இறங்கியதும் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, பிறகு கைரேகை, பிறகு எமிரேட்ஸ் ஐடி. அந்த அட்டை வந்த பிறகுதான் வங்கிக் கணக்கு திறக்க முடிந்தது. அட்டை கைக்கு வந்தபோது ஜூலை பாதி. அதனால் ஜூன் சம்பளமும் ஜூலையோடு சேர்ந்துதான் வந்தது. ஆக மொத்தம் 52 நாள்.

அந்த 52 நாளில் ஆன செலவு இது. துபாயின் தேரா பகுதியில் ஒரு அறையில் ஆறு பேர், எனக்கு ஒரு கட்டில். ஜூன் மீதி நாட்களுக்கு 450, ஜூலைக்கு 750, டெபாசிட் 300. மெஸ் சாப்பாட்டுக்கு 700. நோல் கார்டில் மெட்ரோவும் பஸ்ஸும் போகவர ஒரு நாளைக்கு 10 திர்ஹாம், வேலை நாட்களுக்கு 440. சிம், ரீசார்ஜ் 100. தலையணை, போர்வை 80. கூட்டினால் 2,820 திர்ஹாம். அப்போதைய விலையில் சுமார் 63,000 ரூபாய். நான் கொண்டுபோனதோ அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும்.

ஜூலை முதல் வாரத்திலேயே கை காலி. வீட்டில் கேட்க மனம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் இருந்தார். நான் இரண்டு நாளாக மெஸ்ஸில் இரவு சாப்பிடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். "தம்பி, மெஸ் காசை நான் கட்டிட்டேன். ரூம் வாடகைக்கு எவ்வளவு குறையுதுன்னு சொல்லு. சம்பளம் வந்ததும் குடு, போதும்" என்றார். அவரிடம் 1,320 திர்ஹாம் வாங்கினேன்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வேலை பெரும்பாலும் மொட்டைமாடியில்தான், ஏ.சி.யின் வெளி யூனிட்கள் அங்கேதான் வரிசையாக இருக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. காலை பத்து மணிக்கே இரும்புப் பலகையில் வெறும் கை வைக்க முடியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்புக் கரைசல் குடிக்க அங்கே பழகினேன். முதல் பத்து நாள் தலைவலி இருந்தது, அப்புறம் உடம்பு பழகிவிட்டது.

ஊரில் இருந்தபோதே செய்யாமல் விட்டது ஒன்று, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு. வெளிநாட்டு வேலைக்குப் போனதும் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான இன்னொரு வகையான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு வசதி, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. கிளையில் நேரில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலையை, அங்கிருந்து கூரியரில் காகிதம் அனுப்பி இரண்டு மாதம் இழுத்தேன்.

ஆகஸ்ட் 3 மதியம், மொட்டைமாடித் தடை நேரத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தபோது சம்பள எஸ்.எம்.எஸ். வந்தது. அன்று சாயங்காலம் அண்ணனுக்கு 1,320 கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போன் பண்ணியா?" என்று கேட்டார்.