விரல் வைத்துப் படிக்கட்டும்

ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர், பிள்ளை ஆங்கிலம் படிக்கும்போது அதன் உச்சரிப்பைத் திருத்த முயல வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் தமிழில் நீங்கள் படித்துக் காட்டுங்கள். பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் பிள்ளை விரல் வைத்துப் படிக்கட்டும்.

பல பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். அதனால் வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன கண்ணு?" என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்து வந்தால் அது வாசிப்பே அல்ல! அந்தச் சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பி, ஐ, ஜி என்று எழுத்தின் பெயரைச் சொன்னால் சொல் பிறக்காது. ப், இ, க் என்று சேர்த்தால் 'பிக்' வந்துவிடும். ஒலிக்காத எழுத்துகள் வரும் 'நைட்' போன்ற சொற்கள் இப்படிப் பிரியாது. அவற்றைக் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.